அழுத்தத்தைக் குறைத்தால் சூடும் மாறும்

வீட்டில் நல்ல எஸ்பிரசோ இயந்திரம் வைத்திருப்பவர்களில் பலர் இ61 குரூப் ஹெட் உள்ள இயந்திரத்தையே பயன்படுத்துகிறார்கள். மிலான் நகரின் ஃபயேமா நிறுவனம் 1961இல் கொண்டுவந்த வடிவமைப்பு அது. ஏறக்குறைய 4 கிலோ எடையுள்ள பித்தளைக் கட்டி, இயந்திரத்தின் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பாய்லரின் வெந்நீர் அதற்குள் ஓயாமல் சுற்றி வந்து அதைச் சூடாகவே வைத்திருக்கும்.

இதன் தலையில் உள்ள காளான் வடிவ மூடியைக் கழற்றிவிட்டு, அங்கே ஓர் ஊசி வால்வையும் சிறு கைப்பிடியையும் பொருத்திக்கொள்வது இப்போது பரவலாகிவிட்டது. ஃப்ளோ கன்ட்ரோல் என்பது இதுதான். கைப்பிடியைத் திருப்பினால் காபிக்குப் போகும் தண்ணீரின் வேகம் மாறும். கூடவே அழுத்தமும் மாறும். பொருத்திய முதல் வாரத்தில் பலரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: மெதுவாக நனைத்து, பக்குவமாக அழுத்தம் ஏற்றியும் காபி முன்னைவிடப் புளிக்கிறது. குறை பெரும்பாலும் அழுத்தத்தில் இல்லை. தண்ணீரின் வேகத்தைக் குறைத்தபோது, கவனிக்காமலேயே சூட்டையும் மாற்றிவிட்டார்கள்.

அழுத்தம் எங்கே பிறக்கிறது?

பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது, பாஸ்கெட்டில் இறுகிய காபி வில்லை அதைத் தடுக்கிறது. இந்தத் தடையில்தான் அழுத்தம் பிறக்கிறது. போர்ட்டாஃபில்டரை மாட்டாமல் பம்பை ஓட்டினால் குரூப் ஹெட்டில் உள்ள கேஜின் முள் ஏறவே ஏறாது.

காபி இறங்க இறங்க இந்தத் தடை குறைந்துகொண்டே போகும். 18 கிராம் தூளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கரைந்து கோப்பைக்குப் போய்விடுகிறது. மிஞ்சிய வில்லை தளர்கிறது. பம்ப் மட்டும் அதே 9 பாரில் தள்ளிக்கொண்டிருந்தால் கடைசி நொடிகளில் காபி வேகமெடுத்து, வெளிறி, நீர்த்துப்போகும். அந்த நேரத்தில் அழுத்தத்தை 6 பாருக்கு இறக்கினால் காபி இறங்கும் வேகம் சீராக நிற்கும். 1948இல் காஜியா விற்பனைக்குக் கொண்டுவந்த நெம்புகோல் இயந்திரங்களில் இது தானாகவே நடந்தது. ஸ்பிரிங் விரிய விரிய அதன் விசை குறையும், அழுத்தமும் கூடவே இறங்கும்.

தொடக்கத்தில் வேறொரு தேவை இருக்கிறது. காய்ந்த தூளின் மேல் முழு அழுத்தம் ஒரேயடியாக விழுந்தால், தண்ணீர் எளிதான ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து அதன் வழியாகவே பாய்ந்துவிடும். 2 அல்லது 3 பாரில் மெதுவாக நனைத்தால் தூள் ஊதி, இடுக்குகள் அடைபட்டு, வில்லை முழுவதும் ஒரே சீராகும். இளவறுவல் கொட்டைகளை மிக நைஸாக அரைக்கும்போது இந்த நனைப்பு மிகவும் உதவுகிறது.

மெதுவாகப் போகும் தண்ணீருக்கு என்ன ஆகிறது?

இரட்டை பாய்லர் இயந்திரத்தில் காபிக்கென்றே தனி பாய்லர் உண்டு. பி.ஐ.டி. கட்டுப்பாட்டுக் கருவி அதன் சூட்டை ஒரு டிகிரிக்குள் நிறுத்திவைக்கும். ஆனால் அது அளப்பது பாய்லரின் சூட்டை. பாய்லரிலிருந்து வில்லைக்கு வரும் வழியில் தண்ணீர் அந்தப் பித்தளைக் கட்டியைக் கடந்தாக வேண்டும். கட்டி எப்போதும் பாய்லரைவிடச் சூடு குறைந்தது. முழு வேகத்தில் பாயும் தண்ணீர் அதிகம் இழக்காமல் கடந்துவிடும். மெதுவாக ஊர்ந்தால் பித்தளையோடு நெடுநேரம் உறவாடி, தன் சூட்டை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் வில்லையைத் தொடும். இளவறுவலுக்குச் சூடு கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில்தான் இது நடக்கிறது. புளிப்பு அங்கிருந்து வருகிறது.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் இயந்திரத்தில் கதை தலைகீழ். அங்கே நீராவி பாய்லருக்குள் ஓடும் ஒரு குழாய் வழியாகக் காபித் தண்ணீர் வருகிறது. பாய்லரின் சூடு 120 டிகிரிக்கு மேல். மெதுவாக விட்டால் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் அதிக நேரம் தங்கி, கூடுதலாகச் சூடேறி வருகிறது. ஆக, ஒரே கைப்பிடியை ஒரே அளவு திருப்பினாலும் ஒரு வீட்டில் புளிப்பும் இன்னொரு வீட்டில் கசப்பும் வரலாம். அடுத்தவரின் அழுத்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இந்த வகை இயந்திரத்தில் காபி போடும் முன் கொஞ்சம் தண்ணீரை வெளியே விடுவது வழக்கம். முதலில் சீறிக்கொண்டு கொதிக்கும் தண்ணீர், சீற்றம் அடங்கியதும் அமைதியாக விழும். சென்னையில் அந்த அமைதி 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே வரும். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை எட்டும் முன்பே கொதிப்பதால், சீற்றம் அடங்கும்போது சூடு ஏற்கெனவே போதிய அளவு இறங்கியிருக்கும். சென்னைப் பழக்கத்தில் இன்னும் சில நொடிகள் விட்டால் ஊட்டியில் காபி ஆறிய தண்ணீரில்தான் இறங்கும்.

ஒரு காபியைப் போட்டுப் பார்ப்போம்

இயந்திரம் இரட்டை பாய்லர். கொட்டை, பாபா புடன்கிரிப் பக்கத்து இளவறுவல் அராபிகா. தூள் 18 கிராம், கோப்பையில் வேண்டியது 40 கிராம்.

முதலில் கைப்பிடியை அளந்துகொள்ள வேண்டும். போர்ட்டாஃபில்டர் இல்லாமல், குரூப் ஹெட்டுக்குக் கீழே தராசில் ஒரு கோப்பையை வைத்து, கைப்பிடியின் ஒவ்வொரு நிலையிலும் 10 நொடி தண்ணீர் விட்டு எடை பாருங்கள். 20 முதல் 30 கிராம் விழும் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நனைப்புக்கான வேகம் அதுதான்.

அடுத்தது சூடு. குரூப் ஹெட்டின் முகப்பில் உள்ள திருகைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் பொருத்தும் சிறு தெர்மாமீட்டர்கள் கிடைக்கின்றன. அதை மாட்டிக்கொண்டு காபி போட்டால், முழு வேகத்தில் எண் சட்டென்று ஏறுவதும், நனைப்பு வேகத்தில் கீழேயே தயங்கி நிற்பதும் கண்ணுக்குத் தெரியும். தயக்கம் 2 டிகிரி என்றால் பாய்லரை 2 டிகிரி ஏற்றுங்கள். திரையில் எண் விரைவில் மாறிவிடும், பித்தளைக் கட்டியோ அரை மணி நேரம் கேட்கும். அவசரமென்றால், போர்ட்டாஃபில்டரை மாட்டும் முன் சில நொடிகள் முழு வேகத்தில் தண்ணீர் விட்டுக் கட்டியைச் சூடேற்றிக்கொள்ளலாம்.

இனிக் காபி. குறித்துவைத்த நிலையில் தொடங்கி, பாஸ்கெட்டின் அடியில் முதல் துளிகள் தெரியும் வரை நனையுங்கள். பிறகு கைப்பிடியைத் திறந்து நான்கைந்து நொடிகளில் 8 பாருக்குக் கொண்டுபோங்கள். கோப்பையில் பாதி சேர்ந்ததும் மெல்ல மூடத் தொடங்கி, 40 கிராமில் நிறுத்தும்போது 5 பாரில் இருக்கும்படி இறக்குங்கள். நனைப்பையும் சேர்த்து 35 முதல் 40 நொடிகள் ஆகலாம்.

எங்கே தவறுகிறது என்று எப்படித் தெரியும்?

கைப்பிடியைத் தொடாதபோது கேஜின் முள் திடீரென்று விழுந்தால் வில்லையில் பிளவு விழுந்துவிட்டது. அடியில்லாத போர்ட்டாஃபில்டரில் அந்த இடம் மட்டும் வெளிறி, மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். அரைப்பையும், தூளைப் பரப்பி அழுத்துவதையும்தான் திருத்த வேண்டும். எந்த அழுத்தக் கணக்கும் இதைச் சரிசெய்யாது. முழுவதும் திறந்தும் முள் 8ஐத் தொடவில்லையென்றால் அரைப்பு பெருவெட்டு.

முள் ஒழுங்காக ஏறி இறங்கியும், தாரை சீராக இருந்தும், காபி புளித்தால்தான் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது அரைப்பையும் அழுத்தத்தையும் அப்படியே விட்டுவிட்டு, சூட்டை மட்டும் 2 டிகிரி மாற்றி இன்னொன்று போடுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கருக வறுத்த கொட்டைக்கு இவ்வளவு வேண்டியதில்லை. அது எளிதில் கரையும். 90 டிகிரியை ஒட்டிய சூடும், கடைசியில் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்குவதும் போதும். நீண்ட நனைப்பு அதற்குக் கசப்பைத்தான் கூட்டும். கைப்பிடி இருக்கிறதே என்பதற்காக எல்லாக் கொட்டைக்கும் அதைத் திருப்ப வேண்டாம்.