வெள்ளம் வடிந்தபின் மூடிக்கொள்ளும் பள்ளம்

கோடையில் கொள்ளிடத்துப் பாலங்களின் மேலிருந்து கீழே பார்த்தால் தூண்களைச் சுற்றி மணல் சமமாகப் பரந்து கிடக்கும். அந்தச் சமமான மணலை நம்பக்கூடாது. திருவானைக்காவல் பக்கத்தையும் நம்பர் 1 டோல்கேட் பக்கத்தையும் இணைத்த பழைய பாலம் 1928-இல் கட்டப்பட்டது. 2018 ஆகஸ்டில் காவிரி வெள்ளம் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்பட்டபோது அதன் தூண்கள் இறங்கி, மேலிருந்த பகுதி ஆற்றில் விழுந்தது. பக்கத்தில் புதிய பாலம் வந்து, பழையதில் வண்டிகள் ஓடுவது முன்பே நின்றிருந்தது நல்ல காலம்.

மணலாற்றில் பாலம் விழுவதற்குத் தூணின் கல்லோ காங்கிரீட்டோ நொறுங்க வேண்டியதில்லை. அடியில் மண் இல்லாமல் போனால் போதும். ஓடிவரும் நீர் தூணின் முகத்தில் மோதி, போக வழியின்றிக் கீழ்நோக்கிப் பாயும். படுகையைத் தொட்டதும் சுழன்று, குதிரை லாட வடிவில் தூணின் இருபுறமும் பிரிந்து ஓடும். கடற்கரையில் அலை திரும்பும்போது நம் குதிகாலுக்கு அடியில் மணல் நழுவுவதும் இந்த ஜாதிதான். தூணின் எதிர்முகத்தில்தான் பள்ளம் பெரும்பாலும் மிக ஆழமாக விழும்.

வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது பள்ளம் ஆழமாக இருக்கும். நீர் வடியத் தொடங்கியதும் மேலிருந்து வரும் மணல் அதை நிரப்பிவிடும். ஒரு மாதம் கழித்துப் பார்வையிட வருபவர் கண்ணில் படுவது மூடப்பட்ட குழியின் மேல்பரப்பு மட்டும்தான்.

பள்ளம் எவ்வளவு ஆழம் போகும் என்று மதிப்பிட, நம் நாட்டுப் பாலப் பொறியாளர்கள் இன்றும் லேசியின் வாய்ப்பாட்டைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஜெரால்டு லேசி இந்தியப் பாசனக் கால்வாய்களை ஆராய்ந்த ஆங்கிலேயப் பொறியாளர். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 600 மீட்டர் நீர்வழி உள்ள பாலம். வடிவமைப்பு வெள்ளம் நொடிக்கு 6,000 கன மீட்டர். அப்படியானால் ஒரு மீட்டர் அகலத்துக்கு 10 கன மீட்டர். மணலின் சராசரிப் பருமன் அரை மில்லிமீட்டர் என்றால் அதற்கான மணல் எண் சுமார் 1.25. பத்தின் வர்க்கத்தை அந்த எண்ணால் வகுத்து, கனமூலம் எடுத்து, 1.34-ஆல் பெருக்கினால் 5.8 மீட்டர் வரும். இது சராசரி அரிப்பு. தூணருகே இதை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது விதி: 11.6 மீட்டர். இந்த ஆழம் படுகையிலிருந்து அல்ல, உயர் வெள்ள மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. வெள்ளத்தில் 4 மீட்டர் தண்ணீர் நிற்குமானால், படுகைக்குக் கீழே பள்ளம் ஏழரை மீட்டர். அதற்கும் கீழே பிடிமானமாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 3.9 மீட்டர், சேர்க்க வேண்டும். ஆக, கிணற்று அடித்தளத்தின் அடி, வெள்ள மட்டத்திலிருந்து 15.5 மீட்டர் ஆழத்தில் உட்கார வேண்டும்.

கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆறு அப்படி நடந்துகொள்வதில்லை. 600 மீட்டரிலும் வெள்ளம் ஒரே சீராக ஓடும் என்று கணக்கு நம்புகிறது. கொள்ளிடம் போன்ற ஆற்றில் நடுவே மணல்திட்டு மேடேறி, நாணலும் சீமைக்கருவேலமும் மண்டி, ஓட்டம் ஒரு கரைப்பக்கம் ஒதுங்குவது சாதாரணம். அதே வெள்ளம் பாதி அகலத்தில் ஓடினால் மீட்டருக்கு 20 கன மீட்டர். மறுபடி கணக்கிட்டால் தூணடி அரிப்பு 18 மீட்டரைத் தாண்டுகிறது; நாம் கட்டிய அடித்தளமோ 15.5 மீட்டரில் நிற்கிறது. ஆற்றின் நடுவில் வளர்ந்த கருவேலங்காடு கரையோரத் தூணுக்கு எமனாவது இப்படித்தான்.

மணல் அள்ளுவது இன்னொரு கணக்கு. படுகையே 2 மீட்டர் தாழ்ந்தால் வெள்ள மட்டமும் பள்ளமும் ஏறத்தாழ அதே அளவு கீழே இறங்கும், கிணறு இறங்காது. 3.9 மீட்டர் பிடிமானத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

லேசியின் வாய்ப்பாட்டில் தூணின் அகலமோ கோணமோ இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்றரை மீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள சுவர்போன்ற தூணை, ஓட்டம் 15 டிகிரி சாய்ந்து தாக்கினால், தூண் குடையும் பள்ளம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்கிறது அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் வழிகாட்டி நூல். ஆறு திசைமாறும் இடத்தில் வட்டத்தூண் வைப்பது புத்திசாலித்தனம். எந்தப் பக்கம் தாக்கினாலும் அதற்கு ஒன்றுதான்.

பாதுகாப்பு என்றதும் நம் ஊரில் லாரி லாரியாகக் கருங்கல்லைத் தூணைச் சுற்றிக் கொட்டுவார்கள். படுகைக்கு மேல் குவியலாக நிற்கும் கல், தூணை இன்னும் அகலமாக்கிவிடுகிறது, சுழலும் பெரிதாகிறது. கற்களின் இடுக்கு வழியே மணல் உறிஞ்சப்பட்டு, கல் மெல்லப் புதையும். அடுத்த ஆண்டு மறுபடி லாரி வரும். படுகையைத் தோண்டி, மணல் வெளியேறாதபடி வடிகட்டித் துணியோ சரளையோ பரப்பி, அதன்மேல் கல்லடுக்கின் தலை படுகை மட்டத்தோடு நிற்கும்படி அடுக்குவதே முறை. தூணின் ஒவ்வொரு முகத்திலிருந்தும் அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது கல் பரவ வேண்டும். கல்லின் அளவும் முக்கியம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரில், வட்டமுனைத் தூணருகே கல் சராசரியாக 43 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எடை நூறு கிலோவுக்கு மேல். வேகம் இரட்டித்தால் கல்லின் குறுக்களவு நான்கு மடங்காகும், எடை 64 மடங்காகும். அந்த நிலையில் கல்லை விட்டுவிட்டு வேறு வழிதான் தேட வேண்டும். அடித்தளமே ஆழம் குறைந்த பாலமென்றால், ஆற்றின் குறுக்கே தளம் போட்டு, மேல்புறமும் கீழ்புறமும் ஆழமான தடுப்புச்சுவர் கட்டுவார்கள். கீழ்புறச் சுவரின் அடியே அரிபடாமல் காப்பதுதான் அதில் சிரமம்.

சோதனைக்கு வருவோம். வெள்ளத்துக்கு முன்பு ஒவ்வொரு தூணின் மேல்புறம், கீழ்புறம், இருபக்கம் என நான்கு இடத்தில் படுகை மட்டத்தை எடுத்து, கட்டியபோது இருந்த மட்டத்தோடு ஒப்பிட வேண்டும். வெள்ளத்தின்போதே, பாதுகாப்பாக நிற்க முடிந்தால், பாலத்திலிருந்து எடைக்கட்டிய கயிற்றாலோ ஒலி அளவியாலோ ஆழம் பார்க்க வேண்டும். உண்மையான பள்ளம் அப்போதுதான் அகப்படும். அது முடியாத இடத்தில், கோடையிலேயே தூணருகே ஒரு சங்கிலியைச் செங்குத்தாகப் புதைத்து வைக்கலாம். வெள்ளம் குடைந்த ஆழம் வரை சங்கிலி சாய்ந்து படுத்துவிடும். பிறகு தோண்டினால் எந்த மட்டத்தில் மடிந்திருக்கிறதோ, பள்ளம் அதுவரை போயிருக்கிறது என்று அர்த்தம். இரும்புக்கம்பியை இறக்கிப் பார்ப்பதும் உதவும்: புதிதாக நிரம்பிய மணலில் கம்பி சுலபமாக இறங்கும், பழைய இறுகிய மணலில் முரண்டு பிடிக்கும்.

பாலத்தில் நடப்பவர்களும் கவனிக்கலாம். ஒரு முனையில் நின்று கைப்பிடிச் சுவரின் கோட்டைப் பார்த்தால், ஏதேனும் தூணின் மேல் அது தாழ்ந்தோ வளைந்தோ தெரியும். இரண்டு தளங்களுக்கு நடுவே உள்ள இணைப்பு இடைவெளி ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விரிந்திருந்தால் தூண் சாய்கிறது என்று பொருள். இப்படிக் கண்டால் உடனே நெடுஞ்சாலைத் துறைக்குச் சொல்ல வேண்டும். தண்ணீர் இறங்கிவிட்டது என்பதற்காக மட்டும் அந்தப் பாலத்தில் வண்டி விடக்கூடாது; அந்தத் தூணடியில் ஆழம் பார்த்த பிறகே திறக்க வேண்டும்.