மருமவன் டொரன்டோவுல, நாம நாகர்கோவில்ல: ஒரே மைன்கிராஃப்ட் உலகத்துக்கு சர்வர் எங்க?

வெளிநாட்டுல இருக்க சொந்தக்காரங்களோட சேர்ந்து விளையாடுறதப் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தராவது வெளியூர்ல இருக்கறதால, எங்க வீட்டுக் கணக்கையே சொல்லிடறேன். அக்கா குடும்பம் டொரன்டோவுல, சித்தப்பா மகன் துபாய்ல ஒரு கடையில, நான் நாகர்கோவில்ல. மருமவனுக்கு பத்து வயசு. அவன் வாரத்துல தமிழ் பேசறது பெரும்பாலும் இந்த விளையாட்டுல மட்டும்தான். அதனால அவன் சலிச்சுப்போய் விட்டுட்டுப் போகாம பாத்துக்கறதுதான் முக்கியம்.

முதல்ல நேரம். தம்பி சனிக்கிழமையும் வேலைக்குப் போறான், ராத்திரி எட்டு மணிக்குத்தான் ரூமுக்கு வருவான். மருமவனுக்கு சனிக்கிழமை காலையில நீச்சல் கிளாஸ், முடிஞ்சு வர பதினொன்றரை. ஞாயிறு காலை அவங்களுக்கு சர்ச். ஆக, சனிக்கிழமை டொரன்டோ மதியம் 12 மணி. அப்போ துபாய்ல இரவு 8, நமக்கு 9:30.

இது கோடைகாலக் கணக்கு. டொரன்டோவுல நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி திருப்புவாங்க, மார்ச் இரண்டாவது ஞாயிறு முன்னாடி திருப்புவாங்க. நமக்கும் துபாய்க்கும் அந்தப் பழக்கம் இல்ல. காலண்டர்ல இந்திய நேரம் 9:30னு போட்டு வச்சா, நவம்பர்ல அது டொரன்டோவுல 11 மணி ஆயிடும், பையன் அப்போ நீச்சல் குளத்துல இருப்பான். கூகுள் காலண்டர்ல நிகழ்ச்சியோட டைம் சோனை டொரன்டோன்னு மாத்தி 12 மணி போடுங்க. குளிர்காலத்துல நமக்கு 10:30, துபாய்க்கு 9 ஆகும். யாரால நேரத்தை நகர்த்த முடியாதோ அவங்க ஊர் நேரத்துலதான் ஆணி அடிக்கணும். பெரியவங்க நாம ஒரு மணி நேரம் கண்ணு முழிச்சுக்கலாம்.

இப்போ சர்வர். கண்ணாடி இழையில ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படின்னா ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லிசெகண்ட். நாகர்கோவில்லருந்து டொரன்டோ நேர்கோட்டுல கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர், ஆக 140 மில்லிசெகண்டுக்குக் கீழ எவ்வளவு காசு கொடுத்தாலும் வராது. கேபிள் நேர்கோட்டுல போறதில்ல, அதனால நிஜத்துல இன்னும் கூடும்.

மூணு பேரும் விளையாடற அதே நேரத்துல, அவங்கவங்க வீட்டுலருந்து இதை ஓட்டிப் பாருங்க:

```
ping -n 50 dynamodb.ap-south-1.amazonaws.com
ping -n 50 dynamodb.eu-central-1.amazonaws.com
```

முதல்லது மும்பை, ரெண்டாவது ஃபிராங்க்ஃபர்ட். விண்டோஸ் இல்லன்னா `-n`க்கு பதிலா `-c`. எங்களுக்கு மும்பைக்கு நாகர்கோவில்லருந்து 40, துபாய்லருந்து 40, டொரன்டோவுலருந்து 215 வந்துச்சு. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அதே வரிசையில 165, 120, 105. சராசரி எடுத்தா மும்பைதான் ஜெயிக்கும். ஆனா சராசரியை யாரும் விளையாடறதில்லயே! 215ல இருக்கறவனுக்கு உடைச்ச கட்டை திரும்ப முளைக்கும், கதவு தாமதமாத் திறக்கும், ஜாம்பி அடிச்ச பிறகுதான் ஜாம்பி தெரியும். அதனால ஒவ்வொரு இடத்துலயும் மோசமான எண்ணை மட்டும் பாருங்க: மும்பைக்கு 215, ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 165. நாங்க ஃபிராங்க்ஃபர்ட். நானும் தம்பியும் மட்டும்னா கண்ணை மூடிட்டு மும்பைதான்.

பிங் முடிவுல அதிகபட்ச எண்ணையும் பாருங்க. ஆடாம நிக்கற 165, நூறுக்கும் நானூறுக்கும் துள்ளறதை விட எவ்வளவோ மேல். துள்ளுதுன்னா பெரும்பாலும் வீட்டு வைஃபைதான் காரணம், கேபிள் போட்டுப் பாருங்க. பிங் நல்லா இருந்தும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல இழுத்தா சர்வர் கன்சோலைப் பாருங்க. `Can't keep up!`னு வரி வந்தா கோளாறு தூரத்துல இல்ல. மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 தடவை உலகத்தைக் கணக்குப் போடணும், அந்த மெஷினால முடியல. ஊரை மாத்தி பிரயோஜனம் இல்ல, வியூ டிஸ்டன்ஸைக் குறைங்க, இல்ல பெரிய மெஷின் எடுங்க.

ஐரோப்பா பக்கம் சர்வர் வச்சா ஒரு ஆபத்து இருக்கு. நம்ம டிராஃபிக் பெரும்பாலும் செங்கடல் வழியாத்தான் அங்க போகுது. 2025 செப்டம்பர்ல ஜெத்தா பக்கத்துல SMW4, IMEWE கேபிள்கள் அறுந்தப்போ இந்தியாவுலயும் அமீரகத்துலயும் நெட் மந்தமாச்சு. அப்படி ஒரு வாரம் வந்தா பிங்கை திரும்ப ஓட்டுங்க. ஃபிராங்க்ஃபர்ட் மோசமான எண் மும்பையோடதைத் தாண்டிடுச்சுன்னா சர்வரை நிறுத்திட்டு, `world` ஃபோல்டரை மும்பை மெஷினுக்கு காப்பி பண்ணி அங்க தொடங்குங்க. நிறுத்தாம காப்பி பண்ணினா பாதி எழுதின கோப்பு போயி, பையன் கட்டின வீட்டுல ஒரு பக்கம் காணாமப் போகலாம். காப்பி முடிஞ்சதும் புது முகவரியை வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க, அக்காதான் அங்க அதை டைப் பண்ணிக் கொடுக்கணும்.