பதினான்காம் விதி

கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். 2 மாடி, 18 கம்ப்யூட்டர், ஒரு சர்வர், வாடகைக்கு எடுத்த ஜெராக்ஸ் மெஷின், வாசலில் கைரேகை அட்டெண்டன்ஸ் மெஷின், சிசிடிவி ரெக்கார்டர். இவ்வளவுக்கும் இணையத்துக்கும் நடுவில் ஃபயர்வால் பெட்டி ஒன்று இருக்கிறது. 9 ஆண்டுகளில் 3 பேர் அதைப் பராமரித்திருக்கிறார்கள். நான் நான்காவது ஆள். முதல் நாள் அதைத் திறந்து பார்த்தபோது உள்ளிருந்து வெளியே போவதற்கு மட்டும் 57 விதிகள் இருந்தன. பதினான்காவது இப்படி:

```
14  allow  any -> any  any   "temp test"
```

யாராயிருந்தாலும், எங்கே போனாலும், எந்த வழியில் போனாலும் விடு என்று அதற்குப் பொருள். யாரோ ஒரு நாள் ஏதோ ஒரு சாஃப்ட்வேரை ஓடவைக்கத் தற்காலிகமாகப் போட்டு, பிறகு எடுக்க மறந்துவிட்டார்கள். மேனேஜர் அம்மாவிடம் கேட்டேன். "அதைத் தொட்டுடாதீங்க சார், எது நின்னு போகும்னு யாருக்கும் தெரியாதுங்க" என்றார். அது நியாயமான பயம்தான். சின்ன அலுவலகங்களில் விதிகள் ஆண்டுக்கணக்கில் பெருகுவதும் அந்தப் பயத்தால்தான். போடும்போது காரணம் தெரிந்த ஒருவர் இருப்பார், எடுக்கும்போது இருக்கமாட்டார்.

பெரும்பாலான ஃபயர்வால்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் விதி கிடைத்ததும் அதன்படி செய்துவிட்டு நின்றுவிடும். ஆகவே எல்லாவற்றையும் விடும் விதி பதினான்காம் இடத்தில் இருந்தால் அதற்குக் கீழுள்ள 43 விதிகளும் வெறும் அலங்காரம். ஒவ்வொரு விதியும் எத்தனை முறை பொருந்தியது என்று பெட்டியே ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். கீழே 43க்கும் பூஜ்யம்தான் இருந்தது. பூஜ்யம் என்றால் தேவையில்லை என்று சிலர் உடனே அழித்துவிடுவார்கள். அது தவறு. அவை தேவைப்படாததால் சும்மா இருக்கவில்லை, மேலே இருப்பது அவற்றை மறைத்துவிட்டதால் சும்மா இருந்தன. பெட்டி ரீஸ்டார்ட் ஆனாலும் பல மாடல்களில் இந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும்.

அந்த 43ஐயும் ஒவ்வொன்றாகப் படித்தபோது 31ஆம் விதி கண்ணில் பட்டது. 192.168.2 என்று தொடங்கும் முகவரிகள் எதுவும் வெளியே போகக்கூடாது என்றது அது. ஒரு காலத்தில் அது விருந்தினர் வைஃபை. இப்போது மாடியில் இருக்கும் 7 பேரின் கம்ப்யூட்டர்கள் அந்த முகவரிகளில்தான் ஓடுகின்றன. பதினான்கை அப்படியே அழித்திருந்தால் ஆண்டுக்கணக்கில் தூங்கிய 31 விழித்துக்கொண்டு மாடி முழுவதையும் முடக்கியிருக்கும்.

பேக்கப் எடுத்துவைத்துவிட்டு, முதலில் வெளியிலிருந்து உள்ளே வரும் வழிகளைப் பார்த்தேன். இவற்றுக்குக் காத்திருக்கக்கூடாது. 4 இருந்தன. ஒன்று 3389, அதாவது சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப். ஊரடங்கின்போது வீட்டிலிருந்து வேலை பார்க்க நேராக இணையத்துக்குத் திறந்துவிட்டது. சர்வரின் செக்யூரிட்டி லாகில் தோற்றுப்போன லாகின் முயற்சியைக் குறிக்கும் 4625 என்ற எண் நாள் முழுக்க, விடியற்காலையிலும் வரிசையாக நின்றது. உலகத்தில் எங்கிருந்தோ இயந்திரங்கள் பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்று சொல்வார்கள். தேடுகிற இயந்திரம் எல்லா எண்களையும் தேடும். அதை மூடிவிட்டு விபிஎன் வழியாக வரச் செய்தோம்.

இன்னொன்று சிசிடிவிக்கு. ஆடிட்டர் போனில் கேமரா பார்ப்பது ரெக்கார்டர் தானே வெளியே தொடர்பு கொண்டு ஓடும் ஆப் மூலம். திறந்திருந்த கதவை யாரும் பயன்படுத்தவில்லை. மூன்றாவது, எடுத்துப்போட்ட ஒரு பழைய கேமராவுக்கு. நான்காவதுதான் வேடிக்கை. 192.168.1.40 என்ற முகவரிக்கு வழி விட்டிருந்தது. முன்பு அது ஒரு கம்ப்யூட்டரின் முகவரி. கம்ப்யூட்டர் போய்விட்டது, முகவரி கைமாறி இப்போது ஒரு பிரிண்டரிடம் இருக்கிறது. விதிக்கு ஆள் தெரியாது, முகவரிதான் தெரியும்.

இனிப் பதினான்கு. அதை எடுக்கவில்லை, அதில் லாகை மட்டும் இயக்கினேன். எந்த முகவரி, எங்கே, எந்த போர்ட்டில் போகிறது என்று ஒவ்வொன்றும் பதிவாகத் தொடங்கியது. அதில் அடிக்கடி தென்படுவதற்குத் தனி விதி எழுதி, பதினான்குக்கு மேலே வைத்தேன். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வலைத்தளங்களுக்கான 443, 80. மெயிலுக்கு 993, 587. ரெக்கார்டருக்கும் அட்டெண்டன்ஸ் மெஷினுக்கும் அவை பேசும் இடத்துக்கு மட்டும். மேலே தனி விதி வரவர, பதினான்கின் எண்ணிக்கை குறையும். கிணற்றில் நீர் வற்றுவதுபோல அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியத் தொடங்கும்.

35 நாள் பார்த்தேன். ஒரு வாரம் போதாது. மாதத்தின் முதல் ஞாயிறு இரவு 2 மணிக்கு சர்வர் 22ஆம் போர்ட் வழியே வெளியூர் சர்வர் ஒன்றுக்கு பேக்கப் அனுப்பியது. அலுவலகத்தில் யாருக்கும் அது நினைவில்லை. அந்த ஒரே ஒரு வரி லாகில் விழுவதற்குத்தான் ஒரு மாதம் காத்திருந்தது.

ஐந்தாவது வாரம் பதினான்கில் நாளைக்குச் சில வரிகள்தான் மிஞ்சின. ஜிஎஸ்டிஆர்-3பிக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி கடந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதலில் 31ஐயும், பிறகு பதினான்கையும் நிறுத்தினேன். அழிக்கவில்லை. வெள்ளி மாலையில் செய்தால் கோளாறு திங்கள்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொடர்புகளைப் பல ஃபயர்வால்கள் விதியை எடுத்த பிறகும் அறுப்பதில்லை. எல்லாம் ஓடுகிறது என்று கிளம்பிவிட்டால் மறுநாள்தான் போன் வரும். அதனால் நடப்பிலிருந்த தொடர்புகளையும் அழித்துவிட்டு, அரை நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

நின்றது இரண்டு மாதம் கழித்து. ஜெராக்ஸ் மெஷின்காரர் கூப்பிட்டு, "மீட்டர் ரீடிங் வரலைங்களே" என்றார். அந்த மெஷின் காலாண்டுக்கு ஒருமுறை எத்தனை பக்கம் ஓடியது என்று தானே மெயில் அனுப்புமாம். 35 நாளில் அது சிக்கவில்லை. தடுக்கப்பட்டவற்றின் லாகைத் திறந்தேன். மெஷினின் முகவரி, போர்ட் 465, தேதி எல்லாம் இருந்தன. ஐந்து நிமிடத்தில் அதற்கு ஒரு விதி எழுதினேன். பிறகுதான் பழைய விதிகளை உண்மையாகவே அழித்தேன். 57 இருந்தது 16 ஆயிற்று.

இதனால் எல்லாம் அடைபட்டுவிடவில்லை. ஒரே சுவிட்சில் உள்ள இரண்டு கம்ப்யூட்டர் தங்களுக்குள் பேசுவதை இந்தப் பெட்டி பார்ப்பதே இல்லை. வைரஸும் 443 வழியாகவே வெளியே போகத் தெரிந்தது. ஆனால் இப்போது அட்டெண்டன்ஸ் மெஷின் புதிய இடம் ஒன்றுக்குப் போக முயன்றால் தடுப்பு லாகில் தனியாகத் தெரியும். முன்பு அதுவும் பதினான்கின் லட்சக்கணக்கில் ஒன்றாகிப் போயிருக்கும்.

16 விதிகளிலும் குறிப்பு இருக்கிறது: யார் கேட்டது, எதற்கு, எந்தத் தேதி வரை. போன மாதம் சாஃப்ட்வேர்க்காரர் ஒருவர் வந்து, "ஒரு மணி நேரம் எல்லாத்தையும் திறந்துவிடுங்க, டெஸ்ட் பண்ணணும்" என்றாராம். மேனேஜர் அம்மா என்னைக் கூப்பிட்டார். அவர் கம்ப்யூட்டருக்கு மட்டும், மாலை 5 மணிக்குத் தானே காலாவதியாகும்படி விதி போட்டுக் கொடுத்தேன். ஐந்தேகாலுக்கு அம்மாவே போன் செய்தார். "சார், அது தானா மூடிக்கிச்சான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."