குளத்தின் விளிம்பு: களி, சீமெந்து, பொலித்தீன் பற்றிச் சில குறிப்புகள்

ஊரில் மீன் வளர்க்கக் குளம் வெட்டப் பணம் கேட்டால், புலம்பெயர்ந்த நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சீமெந்துதான். அது உறுதியின் அடையாளமாகத் தெரிகிறது. படம் எடுத்து அனுப்பலாம், இறந்தவர் பெயரையும் பொறிக்கலாம். என் மைத்துனர் வலிகாமத்தில் தன் தோட்டக் காணியில் வெட்டவிருந்த குளம் குறித்துக் கேட்டபோது இந்த நினைப்பைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க நேர்ந்தது.

அவருடைய குளம் மேலே 12 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம். ஆழம் ஒன்றரை மீற்றர். கரைகள் 45 பாகை சரிவு என்பதால் அடித்தளம் 9க்கு 5. ஏறத்தாழ ஒரு இலட்சம் லீற்றர் கொள்ளும். செம்மண்ணுக்குக் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். வெறும் மண்ணில் அங்கே நீர் நிற்காது.

முதலில் கசிவை ஆவியாதலிலிருந்து பிரித்தறிய வேண்டும். ஒரு வாளியில் கல்லை இட்டுக் குளத்துக்குள்ளேயே நிறுத்தி, உள்ளும் வெளியும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்படி நிரப்புங்கள். மழையில்லாத சில நாட்கள் அளந்து பாருங்கள். வாளியில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் குறைய, குளத்தில் 20 குறைந்தால், மிச்சம் 15 கசிவு. நிறைந்திருக்கும் இந்தக் குளத்தில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,400 லீற்றர். புதிதாக நீர் விடாமல் பார்த்திருந்தால், இறங்கும் மட்டம் ஓரிடத்தில் நின்று, பிறகு வாளியின் வேகத்திலேயே குறையும். ஓட்டை அந்த மட்டத்தை ஒட்டித்தான் இருக்கும்.

வெயிலைப் பற்றி நாம் ஒன்றைக் கவனிப்பதில்லை. நீருக்குள் மூழ்கியிருக்கும் பகுதியை வெயில் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. நிறைந்த மட்டத்துக்கும் கோடையில் இறங்கும் மட்டத்துக்கும் இடைப்பட்ட விளிம்பிலேயே மூன்று பொருட்களும் சோதிக்கப்படுகின்றன.

களி அந்த விளிம்பில் காய்ந்து வெடிக்கிறது. மீண்டும் நிரப்பும்போது வெடிப்பு வழியே நீர் போகிறது. களியை ஈரத்தோடு, 15 சென்ரிமீற்றர் படைகளாக இடித்து இறுக்கி, 30 சென்ரிமீற்றர் தடிப்புக்குக் கொண்டுவர வேண்டும். விளிம்பின் மேல் மண்போர்வையும் வேண்டும். இந்தக் குளத்துக்கு உதிரியாக 16 கியூப் அளவு தேவைப்படும். முருங்கன் போன்ற களிநிலத்தில் அது காலடியிலேயே கிடக்கிறது. வலிகாமத்துக்கு ஏற்றி வரவேண்டும்.

சீமெந்தை வெயில் அரிப்பதில்லை. ஆனால் வற்றிய குளம் பகலில் சூடேறி இரவில் குளிர, சுவரும் தளமும் சேரும் மூலையில் அது பிளக்கிறது. கீழேயுள்ள நிலம் சமமின்றி இறங்கினாலும் அப்படித்தான். கம்பிவலை இல்லாத மெல்லிய பூச்சு இதைத் தாங்காது. புதுச் சீமெந்தின் சுண்ணாம்பு நீரைக் கடும் காரமாக்கி மீனைக் கொல்லும். இரண்டு மூன்று முறை நிரப்பி, ஒரு வாரம் விட்டு, வெளியேற்றிய பின்னரே குஞ்சு விடலாம்.

எச்டிபிஈ எனப்படும் அடர் பொலித்தீனை நம்மவர் நம்பாததற்குக் காரணம் உண்டு. அகதிக் கொட்டகைகளின் மேல் தறப்பாள் பொடிப்பொடியாய் உதிர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். இரண்டும் ஒரே இனப் பொருள்தான். வேறுபாடு தடிப்பிலும் கரியிலும் உள்ளது. குளவிரிப்பில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு நுண்கரி கலந்திருக்கும். அது புற ஊதாக் கதிரை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுகிறது. ஆகவே கறுப்பு விரிப்பு, அரை மில்லிமீற்றர் தடிப்பு. நீலமோ செம்மஞ்சளோ வேண்டாம்.

அளவு: தளம் 9, சரிவுகள் இரண்டும் சேர்ந்து 4.2, கரையில் புதைக்க இருபுறமும் ஒவ்வொரு மீற்றர், ஆக 15.2. அகலம் அதே கணக்கில் 11.2. 15.5க்கு 11.5 என ஒரே துண்டாக, தொழிற்சாலையிலேயே சூட்டில் ஒட்டுவித்து வாங்க வேண்டும். இதைப் பசை பிடிக்காது. விரிக்குமுன் கூர்க்கற்களையும் வேர்களையும் அகற்றி, 5 சென்ரிமீற்றர் மணல் பரப்ப வேண்டும். இல்லையேல் சுண்ணக்கல்லே அதைக் குத்திவிடும். இன்னொன்று: நனைந்த பொலித்தீன் வழுக்கும், தவறி விழுந்த பிள்ளை ஏற முடியாது. முடிச்சிட்ட கயிறுகளும் வேலியும் செலவுக் கணக்கிலேயே சேரவேண்டும்.

மைத்துனருக்கு நான் எழுதியது இதுதான்: உங்கள் மண்ணில் பொலித்தீன், களிநிலத்தில் களி, சிறு குஞ்சுத் தொட்டிக்குச் சீமெந்து. ஆனால் மழைநீர் தேங்கும் பழைய ஊர்க்குளத்துக்கு எதையும் விரிக்க விடாதீர்கள். அங்கே கசிவது நட்டமல்ல. சுற்றியுள்ள கிணறுகளுக்குப் போகும் நீர் அது. அந்தக் குளத்தை மூடிவிட்டு, அதன் கரையில் பெயர் பொறிப்பதற்கு நாம் பணம் அனுப்பக் கூடாது.