ரத்தம் கக்கும் கனவுக்கு மூன்று விடைகள்

இரவில் ரத்தம் கக்குவதுபோல் கனவு கண்டு எழுந்தவர், காலையில் அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க மாட்டார். கேட்பவர் முதலில் "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்பார். சற்றுப் பொறுத்து, "இதுக்கு என்ன பலனோ தெரியலையே" என்று இழுப்பார். உடம்பா, பலனா என்ற இந்த இரண்டு கேள்விகளையும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே ஒரே கடற்கரையில் வாழ்ந்த மூன்று பேர் தீவிரமாக ஆராய்ந்திருக்கிறார்கள். இன்றைய துருக்கியின் மேற்குக் கரை அது. எபேசு நகரத்தில் ஆர்ட்டெமிடோரஸ் என்ற கனவுச் சாத்திரக்காரர். பெர்கமு நகரத்தில் பிறந்த கேலன் என்ற மருத்துவர். சிமிர்னாவில் வாழ்ந்த அரிஸ்டைடிஸ் என்ற பேச்சாளர். இவர் ஓயாத நோயாளியும்கூட. மூவரும் கிரேக்க மொழியில் எழுதியவை இன்றும் கிடைக்கின்றன.

ஆர்ட்டெமிடோரஸின் கனவு நூல் ஐந்து பாகம் கொண்டது. சந்தையில் உட்கார்ந்து குறி சொல்பவர்களை மற்றவர்கள் ஏளனம் செய்தபோது, அவர்களோடு பல ஆண்டுகள் பழகி, எந்தக் கனவு எப்படிப் பலித்தது என்று கேட்டுக் கேட்டுத் திரட்டியவர் அவர். அவர் முதலில் போடும் பாகுபாடே முக்கியமானது. உடம்பின் அல்லது மனத்தின் அப்போதைய நிலையைக் காட்டிவிட்டு மறையும் கனவு ஒரு வகை; வரப்போவதைச் சொல்லும் கனவு இன்னொரு வகை. முதல் வகைக்கு அவர் தரும் உதாரணங்களைக் கவனியுங்கள்: பசித்தவன் சாப்பிடுவதாகக் காண்கிறான், தாகமெடுத்தவன் குடிப்பதாகக் காண்கிறான், வயிறு முட்டத் தின்றவன் வாந்தி எடுப்பதாகவோ மூச்சு முட்டுவதாகவோ காண்கிறான். இவற்றுக்குப் பலன் கிடையாது என்கிறார். பலன் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர், வாந்திக் கனவையே பலனில்லாத கனவுக்குச் சான்றாகக் காட்டுகிறார். ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்பதை விசாரிக்காமல் மேலே போகக் கூடாது என்பதுதான் இதற்குப் பொருள்.

அந்த விசாரணையைத் தாண்டிய கனவுகளுக்கு, முதல் பாகத்திலேயே வாந்தியைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். அதைப் படிக்கும்போது ஒன்று புலப்படும். 'வெளியேறுவது நல்லது', 'வெளியேறுவது கெட்டது' என்று ஒரே போடாக அவர் சொல்வதில்லை. வெளியே வருவது என்ன, அது வருகிறவனுக்கு வேண்டியதா வேண்டாததா என்றுதான் பார்க்கிறார். துன்பத்திலோ நோயிலோ இருப்பவன் கபத்தையோ பித்தத்தையோ கக்கினால், பிடித்த கேடு விடப்போகிறது. கக்கிய பிறகு அது உள்ளே இருந்து தொல்லை தர முடியாதல்லவா? சாப்பிட்ட சோறு அப்படியே திரும்பி வந்தால் நஷ்டம். உடம்புக்குச் சேர வேண்டிய ஊட்டம் போய்விட்டது. குடலையே கக்குவதாகக் கண்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து. வயிற்றில் இருப்பவை பெற்ற பிள்ளைகளுக்குச் சமம். பிள்ளைகளை 'வயிறு' என்ற சொல்லோடு சேர்த்துப் பேசிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

ரத்தத்துக்கு வரும்போது இந்தக் கணக்கு திடீரென்று திரும்புகிறது. ரத்தம் போவதை நஷ்டம் என்றுதானே எதிர்பார்ப்போம்? நல்ல நிறமுள்ள, கெட்டுப்போகாத ரத்தத்தை நிறையக் கக்குவது ஏழைக்கு நல்லது, பணம் சேரும் என்கிறார் அவர். ரத்தமும் பணமும் ஒன்று என்பது அவருக்கு முன்பிருந்தே வழங்கிய கருத்து. பிள்ளை இல்லாதவனுக்கும் இது நல்ல கனவு. உறவுக்காரன் வெளிநாட்டில் இருப்பவனுக்கும் நல்ல கனவு. முன்னவனுக்குக் குழந்தை பிறக்கும், பின்னவனுக்கு உறவுக்காரன் திரும்பி வருவான். இருவருமே தன் ரத்தம். இங்கே ரத்தம் உடம்பை விட்டுப் போவதாக அவர் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது கண்ணெதிரே வந்து நிற்பதாகப் பார்க்கிறார். ரத்தம் கெட்டுப் போயிருந்தால் மட்டும், யாராக இருந்தாலும் அது நோய்க்கு அறிகுறி.

ஒரு கனவை எடுத்துப் பார்ப்போம். எபேசு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அண்ணன் கப்பலேறிப் போய் வெகு நாளாகத் தகவல் இல்லை. அவன் வாய் நிறையச் சிவந்த ரத்தம் கக்குவதாகக் காண்கிறான். ஆர்ட்டெமிடோரஸ் அவனிடம் முதல் நாள் சாப்பாட்டைக் கேட்பார், ரத்தத்தின் நிறத்தைக் கேட்பார், தொழிலையும் வீட்டு நிலவரத்தையும் கேட்பார். பிறகு, நம்மில் யாருக்கும் தோன்றாத ஒன்றையும் கேட்பார்: ரத்தம் எங்கே விழுந்தது? ஏதாவது பாத்திரத்தில் விழுந்திருந்தால் வந்த உறவு நிலைக்கும், பிறந்த குழந்தை வளரும். தரையில் கொட்டியிருந்தால் இரண்டும் தங்காது. ஏந்த ஒன்று இருந்ததா, இல்லாமல் மண்ணில் போனதா என்பதில்தான் அந்தக் கனவின் பலனே தொங்குகிறது. அவருடைய நூலில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான்.

இந்த நூலை 9-ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபியில் மொழிபெயர்த்தார். அரபுலகத்தின் கனவு நூல்கள் பல, 728-இல் மறைந்த பஸ்ராவின் இப்னு சீரீன் பெயரில் வழங்குகின்றன. பெரும்பாலும் பிற்காலத்தவர் தொகுத்தவை. அவற்றில் வாந்தி அறநெறி சார்ந்த பொருளைப் பெறுகிறது. வாந்தி எடுப்பது பாவத்திலிருந்து மீள்வது, அல்லது பிறர் பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது. சுலபமாக வாந்தி வந்தால் மனமுவந்து திருந்துகிறார். குமட்டித் திணறி வந்தால் கட்டாயத்தின் பேரில் கொடுக்கிறார். எபேசுக்காரருக்கு நஷ்டமாகத் தெரிந்த அதே சோறு இங்கே வயிற்றில் இருக்கக் கூடாத சோறாகிவிட்டது. நாம்கூட ஊரார் பணத்தைத் தின்றவனைப் பார்த்து, "தின்னதைக் கக்க வைக்கிறேன் பார்" என்கிறோம்.

மூட்டை தூக்குபவன் கேலனிடம் போயிருந்தால் அண்ணனைப் பற்றிய பேச்சே எழுந்திருக்காது. தூங்கும்போது மனம் உடம்புக்குள் இறங்கி, அங்கே என்ன மிகுந்திருக்கிறது, என்ன குறைந்திருக்கிறது என்று உணர்ந்து அதையே காட்சியாகக் காண்கிறது என்பது கேலனின் கருத்து. நெருப்பைக் கண்டால் மஞ்சள் பித்தம் மிகுதி. புகையும் இருட்டும் கண்டால் கரும்பித்தம். பனியும் ஆலங்கட்டியும் குளிர்ந்த கபம். ஒரு மல்யுத்த வீரரின் கனவை அவர் எழுதியிருக்கிறார். ரத்தம் நிரம்பிய ஒரு தொட்டிக்குள், தலையை மட்டும் எப்படியோ மேலே தூக்கியபடி அவர் நிற்கிறார். உடம்பில் ரத்தம் மிகுந்துவிட்டது, கொஞ்சம் வெளியேற்ற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கேலனும் கண்மூடித்தனமாக நம்பியவர் அல்லர். பகலில் நினைத்ததும் செய்ததும் கனவில் வரும், ஆகவே எது உடம்பின் செய்தி என்று பிரிப்பது கடினம் என்று அவரே எச்சரிக்கிறார்.

அவருக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய, ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் உணவு நெறி நூல் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. பகலில் நடந்தவற்றுக்கு முரணாக, சண்டையும் குழப்பமுமாகக் கனவு வந்தால் உடம்பில் கலக்கம் இருக்கிறது. கலக்கம் பெரிதென்றால் மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, ஐந்து நாள் லேசான உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டிவர வேண்டும். வாந்தியும் ரத்தம் எடுப்பதும் அன்றைய வைத்தியத்தில் சாதாரணச் சிகிச்சைகள். அதனால்தான் அந்தக் காலத்து மனிதருக்கு, கனவில் வரும் வாந்தி அருவருப்போடு கூடவே சுகப்படுவதையும் நினைவூட்டியது.

மூன்றாமவரான அரிஸ்டைடிஸ், பெர்கமுவில் இருந்த அஸ்கிளேபியஸ் என்ற மருத்துவக் கடவுளின் கோயிலில் நீண்ட காலம் தங்கி, கனவில் கடவுள் சொல்வதையெல்லாம் செய்து வந்தார். வாந்தி எடுக்கச் சொன்னால் எடுப்பார், குளிர்நீரில் இறங்கச் சொன்னால் இறங்குவார். ஒருமுறை முழங்கையிலிருந்து ரத்தம் எடுக்கும்படி கட்டளை வந்தது. கனவில் சொல்லப்பட்ட அளவு, ஒரு மனித உடம்பில் இருக்கும் ஐந்து லிட்டரைப்போல் பல மடங்கு. அப்படியே செய்தால் ஆள் பிழைக்க முடியாது. அரிஸ்டைடிஸ் இதை, 'ஒருமுறை இரண்டு முறையல்ல, பலமுறை ரத்தம் எடுக்க வேண்டிவரும்' என்று பொருள் கொண்டார். இன்னொரு கனவில், உடம்பு முழுவதும் பிழைக்க ஓர் உறுப்பை வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று கேட்ட கடவுளே, அது கஷ்டம் என்பதால் விரல் மோதிரத்தைக் கழற்றிக் காணிக்கை வைத்தால் போதும் என்று இறங்கி வந்தாராம். கனவின் குறியீட்டுத்தன்மை அவர் உயிரைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம். சொல்லுக்குச் சொல் கனவை நிறைவேற்றியிருந்தால் அவருடைய நூல் நமக்குக் கிடைத்திருக்காது.

இவர்களின் உடற்கூற்றியல் இன்று செல்லாது. கரும்பித்தம் என்று ஒன்று இல்லை; ரத்தம் மிகுந்துவிட்டது என்று பொதுவாக யாருக்கும் அதை எடுப்பதும் இல்லை. ஆனாலும் ஆர்ட்டெமிடோரஸின் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. இரவில் வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் தொண்டைவரை எதுக்களிக்கும். அந்தப் புளிப்பும் எரிச்சலும் தூக்கத்திலேயே கனவுக்குள் புகுந்துவிடக்கூடும். விழித்ததும் வாயில் கசப்போ புளிப்போ இருந்தால், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு, தலைமாட்டைச் சற்று உயர்த்திப் படுத்துப் பாருங்கள். ஈறில் ரத்தம் கசிகிறதா என்று தலையணையையும் பார்க்கலாம். நிஜமாகவே சளியிலோ வாந்தியிலோ ரத்தம் வந்தால் அது கனவுப் பலன் தேடும் விஷயமே அல்ல. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உடம்பில் ஒன்றும் இல்லை, கனவு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால்? சிக்மண்ட் ஃபிராய்ட் 1900-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தன் கனவு நூலில், காண்கிறவரின் நிலைமையையும் கணக்கில் எடுத்துக்கொண்டதற்காக ஆர்ட்டெமிடோரஸை மதித்துப் பேசுகிறார். ஆனால் ஓர் இடத்தில் பிரிகிறார். ரத்தம் என்றதும் பணமும் உறவும் ஆர்ட்டெமிடோரஸின் நினைவுக்கு வருகின்றன. கனவு கண்டவருக்கு என்ன நினைவு வருகிறது என்று கேட்கிறார் ஃபிராய்ட். அந்த மூட்டை தூக்குபவன், "பாத்திரமா? அது எங்க அம்மா அண்ணனுக்குக் கஞ்சி ஊத்துற பாத்திரம்" என்று சொல்லிவிட்டானென்றால், பேச்சு கப்பலை விட்டு அந்த அடுப்படிக்குப் போய்விடும், அங்கே யாருக்கு எவ்வளவு ஊற்றினார்கள், எதை அவன் இத்தனை நாளாக விழுங்கி வைத்திருந்தான் என்றுதான் அடுத்து கேட்க வேண்டியிருக்கும்.