எழுத்தில்லாத உயிரொலி

ஆங்கிலத்தில் உயிரெழுத்துகள் ஐந்து: ஏ, ஈ, ஐ, ஓ, யு. ஆனால் ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாகக் கேட்கும் உயிரொலிக்கென்று அவற்றில் தனி எழுத்து கிடையாது. ஐந்துமே முறைவைத்து அதைக் குறிக்கின்றன. சோடாவின் கடைசி ஏ, டேக்கனின் ஈ, பென்சிலின் ஐ, லெமனின் ஓ, சர்க்கஸின் யு ஆகிய ஐந்து இடங்களிலும் ஆங்கிலேயர் வாயில் வருவது அநேகமாக ஒரே ஒலிதான். அதன் பெயர் ஷ்வா. எபிரேய எழுத்தில் மிகக் குறுகிய உயிரையோ உயிரின்மையையோ காட்டும் புள்ளிக்குரிய பெயர் இது. ஜெர்மானிய இலக்கண அறிஞர்கள் வழியாக ஒலியியலுக்கு வந்து சேர்ந்தது. ஒலிப்பு காட்டும் அகராதிகளில் சிறிய ஈ எழுத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு இதைக் குறிப்பார்கள்.

ஷ்வாவை ஒலிக்க நாக்கு மேலே ஏற வேண்டியதில்லை, கீழே இறங்க வேண்டியதில்லை. முன்னாலும் பின்னாலும் போகாமல் வாயின் நடுவிலேயே கிடக்கும். உதடு குவிவதும் இல்லை, விரிவதும் இல்லை. தமிழின் குறில் அகரம் இதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் ஷ்வாவுக்கு வாய் அவ்வளவு திறக்காது, நேரமும் குறைவு. சொல்லின் நடுவில் வரும் ஷ்வா ஒரு வினாடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும்.

இந்த ஒலி எங்கே, எப்போது தோன்றுகிறது என்பதைக் காட்ட ஃபோட்டோகிராஃப் என்ற சொல்லின் குடும்பமே போதும். பிரிட்டிஷ் ஒலிப்பில் அந்தச் சொல்லின் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது: ஃபோ-ட-க்ராஃப். முதல் ஓ முழுதாக ஒலிக்கிறது. இரண்டாவது ஓ ஷ்வாவாகச் சுருங்கிவிடுகிறது. இதனுடன் படமெடுப்பவரைக் குறிக்கும் விகுதி சேர்ந்தால் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்கிறது: ஃப-டாக்-ர-ஃப. இப்போது எல்லாம் தலைகீழ். முழுதாக இருந்த முதல் ஓ சுருங்குகிறது, சுருங்கிக் கிடந்த இரண்டாவது ஓ நிமிர்ந்துகொள்கிறது, ஆ என்று ஒலித்த ஏ எழுத்தும் ஷ்வாவாகிறது. நான்கு அசைகளில் மூன்று ஷ்வா. இதையே ஃபோட்டோகிராஃபிக் என்று மாற்றினால், இக் என்ற விகுதி தனக்கு முந்தைய அசையில் அழுத்தத்தை வாங்கிவைக்கும், எனவே ஃபோ-ட-க்ராஃ-பிக். ஏ எழுத்துக்கு மறுபடி உயிர் வருகிறது. மூன்று சொற்களிலும் எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அழுத்தம் மட்டும் இடம் மாறுகிறது. அது விட்டுப்போன இடத்தில் உயிரொலி தன் அடையாளத்தை இழக்கிறது.

அழுத்தமில்லாத அசை எல்லாமே ஷ்வாவாகிவிடும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. விண்டோவின் கடைசி ஓ, ஹேப்பியின் கடைசி ஒய் இரண்டும் அழுத்தமில்லாமலே தம் ஒலியைக் காக்கின்றன. ஃபோட்டோகிராஃபின் ஈற்றசைக்கும் முதன்மை அழுத்தம் இல்லை, ஆனாலும் அது சுருங்கவில்லை.

சுருங்குவதற்கு அடிப்படைக் காரணம் நேரம். அழுத்தம் பெற்ற அசை நீளமாகவும் உரக்கவும் ஒலிக்கும். மற்றவை அவசரமாகக் கடக்கும். ஆ என்பதற்கு நாக்கு கீழே இறங்க வேண்டும், ஈ என்பதற்கு மேலே எழ வேண்டும். அந்த இடத்தை அடையும் முன்பே அடுத்த மெய்யொலி வந்து நாக்கை இழுத்துக்கொண்டால், உயிரொலி பாதி வழியிலேயே நின்றுவிடும். நேரம் குறையக் குறைய உயிரொலி தன் இலக்கை எட்டாமல் போவதை ஸ்வீடிஷ் மொழியில் அளந்து காட்டியவர் பியோர்ன் லிண்ட்ப்ளோம். அவருடைய ஆய்வு வெளிவந்தது 1963இல். ஆனால் ஆங்கில ஷ்வாவை வெறும் அவசரத்தின் விளைவு என்று சொல்லிவிட முடியாது. பனானாவை எவ்வளவு நிதானமாகச் சொன்னாலும் ஆங்கிலேயர் முதல் அசையை 'பா' என்று நீட்டமாட்டார். சோம்பலாகத் தொடங்கிய வழக்கம் எப்போதோ மொழியின் விதியாக இறுகிவிட்டது. ஷ்வாவை அரைகுறை உச்சரிப்பு என்று கருதுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆங்கிலச் செய்தி வாசிப்பாளரின் திருத்தமான உச்சரிப்பிலும் அது நிறைந்திருக்கிறது.

இதற்குப் பின்னால் இருப்பது மொழியின் தாளம். அழுத்தங்கள் சம இடைவெளியில் விழுகின்றன, நடுவிலுள்ள அசைகள் அந்த இடைவெளிக்குள் நெருக்கியடித்து அடங்குகின்றன என்று அமெரிக்க மொழியியலாளர் கென்னத் பைக் 1945இல் விளக்கினார். பின்னாளில் கருவி வைத்து அளந்தபோது இடைவெளிகள் சமமாக இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் நெருக்கியடிப்பது உண்மை. தமிழிலும் உயிர் குறுகுவது உண்டு: 'நாடு' என்பதன் ஈற்று உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைத் தொல்காப்பியம் குற்றியலுகரம் என்கிறது. ஆனால் அங்கே குறுக்கத்தைத் தீர்மானிப்பது உகரம் நிற்கும் இடமும் அதையொட்டிய எழுத்துகளும். ஆங்கிலத்தில் தீர்மானிப்பது அழுத்தம். அதனால்தான் தமிழ்க் காது ஆங்கில அசைகளை எல்லாம் சம எடையில் எதிர்பார்க்கிறது.

அந்த எதிர்பார்ப்பு சில சமயம் பொருளையே புரட்டிவிடும். 'ஐ கேன் கம்' என்று ஒருவர் எல்லாச் சொல்லையும் முழுதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கர் இயல்பாகச் சொன்னால் நடுச்சொல் 'கன்' என்று சுருங்கி, 'கம்' மட்டும் ஓங்கி ஒலிக்கும். எதிர்மறையான 'கேன்ட்' ஒருபோதும் சுருங்காது. அதன் ஈற்று 'ட்' பெரும்பாலும் காதில் விழுவதும் இல்லை. ஆகவே அமெரிக்கக் காது 'முடியும்', 'முடியாது' இரண்டையும் பிரித்தறிவது அந்த உயிரொலியின் அளவை வைத்துத்தான். 'கேன்' என்று முழுதாகக் கேட்டால் வரமாட்டார் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

எழுதும்போது சிக்கல் வேறு மாதிரி வருகிறது. ஒலி ஒன்று, எழுத்து ஐந்து என்பதால் காதை நம்பி எழுதினால் தவறும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளும் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கிராமரின் இரண்டாவது உயிர் ஏயா, ஈயா? அழுத்தம் நகரும் உறவுச்சொல் ஒன்றைத் தேடினால் விடை கிடைக்கும். கிரமேட்டிகலில் அதே இடத்தில் அழுத்தம் விழுந்து ஏ வெளிப்படுகிறது. ஆதரின் ஈற்றில் ஓ இருப்பதை ஆதாரிட்டி காட்டிக்கொடுக்கிறது.

சுருக்கம் ஷ்வாவோடு நிற்பதும் இல்லை. கேமரா பல ஆங்கிலேயர் வாயில் 'கேம்ர'. சாக்லேட்டின் நடு ஓ பெரும்பாலானோர் பேச்சில் இல்லவே இல்லை. இந்தத் தேய்வு பழையது. பெயரைக் குறிக்கும் நேம் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் 'நாம' போல இரண்டு அசையாக இருந்தது. அன்றைய சொல்லீறுகளில் இருந்த வெவ்வேறு உயிர்கள் இடைக்காலத்தில் ஒன்றாகக் கலந்து ஷ்வாவாயின. 14ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய செய்யுளில் அந்த ஈற்றை ஓர் அசையாக எண்ணினால்தான் பல இடங்களில் யாப்பு சரியாக வரும். பிறகு அதுவும் உதிர்ந்தது. உதிர்ந்த ஷ்வாவின் இடத்தில் எழுதப்பட்ட ஈ மட்டும் அப்படியே நிற்கிறது, முன்னுள்ள உயிரை நீட்டிப் படிக்கச் சொல்லும் அடையாளமாக. பள்ளிகளில் மௌன ஈ என்று சொல்லித்தருவது இதைத்தான். ஈற்றில் எந்த உயிரும் இல்லாதிருந்த வைன் போன்ற பழைய சொல்லுக்கும் பின்னாளில் அந்த ஈ வந்து சேர்ந்தது.