விளக்கு அணைந்தால் போதுமா? பழைய காரில் ஏர்பேக்கைச் சரிபார்ப்பது எப்படி

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கீலோமீட்டரைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், ஏர்கோண்ட் குளிர்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏர்பேக்கைப் பற்றிக் கேட்டால் விற்பவர் மீட்டர் பலகையைக் காட்டி, “லைட் இல்லையே, எல்லாம் ஓகே” என்பார். அந்தச் சிவப்பு விளக்கு என்ன சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை என் அக்காவுக்குக் கார் தேடிய இரண்டு வாரங்களில்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். நான் இயந்திரப் பொறியியல் மாணவிதான். ஆனாலும் இதைச் சொல்லிக்கொடுத்தது வகுப்பறை இல்லை, கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அங்கிள்.

விளக்கிலிருந்தே தொடங்குவோம். சாவியை ‘ON’ நிலைக்குத் திருப்பி, இன்ஜினை முடுக்காமல் காத்திருக்க வேண்டும். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகள் கழித்துத் தானாகவே அணைய வேண்டும். அந்த நேரத்தில் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொள்கிறது. விளக்கு அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். பல்பைக் கழற்றியிருக்கலாம், அல்லது மறைத்திருக்கலாம். இன்னொரு தந்திரமும் உண்டு. ஏர்பேக் விளக்கை ஆயில் விளக்கின் வயரோடு சேர்த்துவிடுவார்கள். அப்போது இன்ஜினை முடுக்கும்வரை இரண்டும் எரிந்து, முடுக்கியதும் இரண்டும் ஒன்றாக அணையும். அவசரப்பட்டு உடனே முடுக்கிவிட்டால் இந்த வித்தியாசம் தெரியாது.

அக்கா பந்திங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகிப் போகிறார். தினமும் கார் வேண்டும். முதலில் பார்த்தது 2016-இல் பதிவான ஒரு சிறிய கார். விளக்கு ஆறு விநாடி எரிந்தது, ஒழுங்காக அணைந்தது. எனக்குத் திருப்திதான். அங்கிள் மட்டும் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “லைட்டை விடும்மா, பெல்ட்டை இழு” என்றார்.

முன் இருக்கை பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால், கீழ்ப்பகுதியில் துணியில் தைத்த ஒரு சிறிய லேபல் இருக்கும். அதில் பெல்ட் தயாரான தேதி அச்சாகியிருக்கும். காரோடு வந்த பெல்ட் என்றால் அந்தத் தேதி கார் தயாரானதற்குச் சற்று முந்தியதாக இருக்க வேண்டும், நான்கு பெல்ட்டுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். அந்தக் காரில் மூன்று பெல்ட்டுகள் 2015. ஓட்டுநர் பெல்ட் மட்டும் 2019.

பெல்ட்டுக்கும் ஏர்பேக்குக்கும் என்ன தொடர்பு? முன்பக்கம் பலமாக மோதும்போது பல கார்களில் ஏர்பேக் விரியும் அதே நேரத்தில், பெல்ட்டின் சுருளில் இருக்கும் சிறிய வெடிமருந்தும் வெடித்து, பெல்ட்டை உடலோடு இறுக்கிப் பிடிக்கும். ஒருமுறை வெடித்த சுருள் மறுபடி பயன்படாது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே ஒரு பெல்ட்டின் வயது மட்டும் மாறியிருந்தால் அந்தக் கார் எதிலாவது மோதியிருக்கக்கூடும். பக்கத்துப் பயணியின் பெல்ட்டை இழுத்து விட்டோம். பாதியில் நின்று, பிறகு சோம்பலாக உள்ளே போனது. மருந்து வெடித்த சுருள் இப்படி மக்கர் செய்யும் என்றார் அங்கிள். பழைய பெல்ட் அழுக்கேறினாலும் மெதுவாகப் போவது உண்டு என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

அடுத்தது டேஷ்போர்டு. பயணியின் ஏர்பேக் வெளியே வரும்போது அந்த இடத்தின் மூடியைப் பிளந்துகொண்டு வரும். முழு டேஷ்போர்டையும் மாற்றினால் செலவு அதிகம். அதனால் சிலர் பிளந்த இடத்தை ஃபைபரால் நிரப்பி, மேலே தோல் போல் ஒட்டிவிடுகிறார்கள். கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் புள்ளி வடிவம் அந்த இடத்தில் மட்டும் மாறித் தெரியும். நாங்கள் பார்த்த காரில் ‘SRS AIRBAG’ எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது. ஸ்டீரிங் நடுமூடியையும் இதேபோலப் பார்க்க வேண்டும். நிறம், இடைவெளி, எழுத்து. தட்டிப் பார்க்க வேண்டாம்.

பிறகு ஸ்கேனர். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் பெட்டியைப் படிக்கும் ஸ்கேனர் பட்டறையில்தான் இருக்கும். அங்கிள் வைத்துப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை!

விபத்தில் ஏர்பேக் விரிந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தப் பதிவைப் பூட்டி வைத்துக்கொள்ளும், விளக்கும் அணையாது. பெட்டியை மாற்ற வேண்டும், இல்லையேல் அதன் நினைவை அழிக்க வேண்டும். அழித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அழித்த பிறகும் பெட்டி ஏர்பேக்கைத் தேடுமே? அது ஏர்பேக்கை நேரில் பார்ப்பதில்லை. வயரில் ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்பி, ஏர்பேக்கைப் பற்றவைக்கும் சிறு பாகத்தின் மின்தடையை மட்டும் அளக்கிறது. அது ஏறக்குறைய 2 ஓம். இரண்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகிவிட்டால் பெட்டி ஏமாந்துபோகும். விலை சில காசுகள்.

விற்பவரின் அனுமதியோடு அங்கிள் பேட்டரி வயரைக் கழற்றினார். பெட்டிக்குள் தேங்கிய மின்சாரம் வடிய நேரம் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பது காரின் கையேட்டில் இருக்கும். இதை வீட்டில் செய்யாதீர்கள், மல்டிமீட்டரை ஏர்பேக் இணைப்பில் வைக்கவே வைக்காதீர்கள். அந்தச் சிறு மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம். பிறகு கிளவ் பாக்ஸைக் கழற்றிக் கைப்பேசியை உள்ளே நீட்டினார். உலோகப் பெட்டி போன்ற ஏர்பேக் தெரிய வேண்டிய இடம் காலியாக இருந்தது. மஞ்சள் நிற இணைப்பு மட்டும் தொங்கியது, அதன் வாயில் கறுப்பு டேப் சுற்றிய ரெசிஸ்டர்.

“நான் வாங்கும்போதே இப்படித்தான்” என்றார் விற்பவர். உண்மையாகவும் இருக்கலாம். பெயர் மாற்றத்துக்குச் செய்யும் சோதனையில் சேஸி எண், இன்ஜின் எண், பொது நிலை பார்ப்பார்கள். கிளவ் பாக்ஸைக் கழற்ற மாட்டார்கள். “ஹாஃப்-கட் கடையில் ஒன்று வாங்கிப் போட்டுத் தருகிறேன்” என்றும் சொன்னார். அங்கிள் தலையாட்டிவிட்டார். கழற்றி விற்கும் ஏர்பேக் எந்தக் காரில், எந்த ஆண்டில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து கெட்டுப்போகும் தக்காத்தா ஏர்பேக்குகள் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டவை. அவற்றில் ஒன்று வெடித்துச் சிதறி 2014-இல் சரவாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் உயிரைப் பறித்தது. நம் நாட்டு வெயிலையும் மழையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நான்காவதாகப் பார்த்த காரிலும் பெல்ட் லேபல் காட்டிக்கொடுத்தது. 2016 கார், முன் பெல்ட்டுகள் இரண்டும் 2018. கேட்டதும் உரிமையாளர் மறைக்காமல், “ஆமாம், முன்பக்கம் மோதினேன்” என்று ஒரு கோப்பை எடுத்துவந்தார். இரண்டு ஏர்பேக், இரண்டு பெல்ட், டேஷ்போர்டு, கட்டுப்பாட்டுப் பெட்டி என ஒவ்வொன்றும் பாக எண்ணோடு பில்லில் இருந்தது. அங்கிள் கிளவ் பாக்ஸைக் கழற்றி உள்ளே படம் பிடித்து, ஏர்பேக் லேபலில் இருந்த எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டார். பொருந்தியது.

“அடிபட்ட கார் வேண்டாம்” என்று அம்மா கடைசிவரை முணுமுணுத்தார். அக்கா அந்தக் காரைத்தான் வாங்கினார். பில்லின் நகல் இப்போது கிராண்டோடு ஒரே உறையில் இருக்கிறது.